லாரி வழியில் நின்றுவிட்டது: வாங்குபவருக்கு எப்போது, என்ன சொல்வது, புது நேரத்தை எப்படிக் கணக்கிடுவது

செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்துக்குச் சங்ககிரி லாரி ஓனரிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, நம்ம வண்டி காவலிகிட்ட நின்னுபோச்சுங்க. கிளட்ச் போயிருச்சுன்னு டிரைவர் சொல்றாரு." குண்டூரில் ஜின்னிங் ஃபேக்டரியிலிருந்து திங்கள் இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பிய 100 பேல் பஞ்சு அது. ஒரு பேல், அதாவது இறுக்கிக் கட்டிய ஒரு பொதி, 170 கிலோ, ஆக மொத்தம் 17 டன். போய்ச் சேர வேண்டிய இடம் திண்டுக்கல் பக்கத்தில் ஒரு நூற்பாலை. புதன் காலை எட்டு மணிக்கு இறக்கலாம் என்று மில்லின் பர்ச்சேஸ் மேனேஜரிடம் நான்தான் சொல்லியிருந்தேன்.

கோயம்புத்தூரில் பஞ்சு வியாபார ஆபீஸில் டெஸ்பாட்ச் பார்க்கிறவனுக்கு இந்தப் போன் வருஷத்தில் நாலைந்து முறையாவது வரும். அடுத்த இரண்டு நாள் யாரிடம் என்ன கேட்டேன், மில்லுக்கு என்ன எழுதினேன், புது நேரம் எப்படிப் போட்டேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் சரக்கு நூலாக இருக்கலாம், டைல்ஸாக இருக்கலாம், கணக்குப் போடும் விதம் இதேதான்.

முதலில் லாரிக்காரரிடம் கேட்க வேண்டியவை

"நின்னுபோச்சு" என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வாங்குபவருக்குப் போன் போடாதீர்கள். அவர் அடுத்து கேட்கும் எந்தக் கேள்விக்கும் உங்களிடம் பதில் இருக்காது. முதல் பத்து நிமிஷம் லாரிக்காரரோடு செலவாகட்டும்.

வண்டி எங்கே நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி. "காவலிகிட்ட" என்பது போதாது. கடைசியாகத் தாண்டிய டோல் எது, எத்தனை மணிக்குத் தாண்டியது என்று கேளுங்கள். ஃபாஸ்டேகில் பணம் கழிந்ததும் வண்டி ஓனர் போனுக்கு எஸ்எம்எஸ் வரும். அதை அப்படியே அனுப்பச் சொல்லிவிடுவேன். இந்த வண்டி பின்னிரவில் ஓங்கோல் தாண்டி தங்குத்தூர் டோலைக் கடந்திருந்தது, மூன்று மணிக்குக் காவலிக்கு முன்னால் நின்றிருக்கிறது. நேரமும் தூரமும் பொருந்துகின்றன. இதை ஏன் பார்க்கிறேன் என்றால், வண்டி இன்னும் லோடே ஏற்றாமல் இருக்கும்போதோ, வேறு சரக்கு ஏற்ற ஒதுங்கியிருக்கும்போதோ "பிரேக்டவுன்" என்று சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இந்த ஓனர் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனாலும் எஸ்எம்எஸ் கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அடுத்தது டிரைவர்களும் சரக்கும். ஆட்களுக்கு ஒன்றுமில்லையே, வண்டி ரோட்டை விட்டு ஓரமாக ஒதுங்கியிருக்கிறதா, தார்ப்பாய் முழுசாக மூடியிருக்கிறதா, அங்கே மழை உண்டா? தேசிய நெடுஞ்சாலையில் வண்டி லேனை அடைத்துக்கொண்டு நின்றால் 1033-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள், ரோந்து வண்டியும் கிரேனும் அந்த எண்ணில் கிடைக்கும். பஞ்சு லோடு என்றால் பக்கத்தில் யாரும் அடுப்பு மூட்டாமல், பீடி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்வதும் இந்த நேரத்தில்தான்.

பிறகு பழுது. டிரைவர் சொல்வது ஊகம், மெக்கானிக் பிரித்துப் பார்த்துச் சொல்வதுதான் தகவல். இரண்டையும் கலக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் சொல்லியாயிற்றா, எங்கிருந்து வருகிறார், எத்தனை மணிக்கு வண்டியைத் தொடுவார்? கடைசியாக டிரைவரின் நேரடி நம்பர், வண்டியில் எத்தனை டிரைவர் என்ற விவரம். இந்த வண்டியில் இரண்டு பேர். புது நேரத்தையே அந்த எண்ணிக்கைதான் தீர்மானிக்கும், அதைப் பிறகு காட்டுகிறேன்.

முதல் செய்தி: வந்து சேரும் நேரம் இல்லாமல்

ஏழு நாற்பதுக்கு மேனேஜருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன்:

"வணக்கம் சார். குண்டூர் 100 பேல் லோடு, இன்று அதிகாலை 3 மணிக்குக் காவலி அருகே (நெல்லூருக்கு 55 கி.மீ. முன்னால்) பழுதாகி நிற்கிறது. டிரைவர்களுக்கு ஒன்றுமில்லை. லோடு தார்ப்பாயோடு அப்படியே இருக்கிறது, மழை இல்லை. கிளட்ச் என்று டிரைவர் சொல்கிறார், மெக்கானிக் இன்னும் பார்க்கவில்லை. புதன் காலை 8 மணிக்கு இறக்க முடியாது. புது நேரம் 11 மணிக்குள் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம் தெரிய வேண்டும், 8.30-க்குக் கூப்பிடுகிறேன்."

இதில் எப்போது வரும் என்று இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். ஏழு நாற்பதுக்கு எனக்கே தெரியாத நேரத்தை எழுதினால், பதினொரு மணிக்கு அதை மாற்றி எழுத வேண்டிவரும். முன்பு ஒரு மில்லுக்கு "இன்று சாயங்காலம்" என்று சொல்லி, அப்புறம் "ராத்திரி" என்று சொல்லி, அப்புறம் "விடியற்காலை" என்று சொன்னேன். ஒவ்வொன்றும் டிரைவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னதுதான். மூன்றாவது முறை அந்த மேனேஜர் போனை எடுக்கவில்லை, ஆபீஸில் என் முதலாளிக்குக் கூப்பிட்டார்.

பழைய நேரம் செல்லாது என்பதை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். "கொஞ்சம் தாமதம் ஆகலாம்" என்று எழுதினால் அவர் புதன் காலைக்கே ஆட்களை நிறுத்திவைப்பார். வந்து சேரும் நேரத்துக்குப் பதிலாக, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்று கொடுங்கள். அந்த நேரம் உங்கள் கையில் இருக்கிறது, லாரியின் கையில் இல்லை. பதினொன்று என்றால் பதினொன்றுக்கு முன் செய்தி போய்விட வேண்டும். மெக்கானிக் இன்னும் வரவில்லை என்றால், வரவில்லை என்பதையே எழுதுங்கள்.

"தவிர்க்க முடியாத காரணங்களால்" என்ற வார்த்தையைத் தொடவே வேண்டாம். எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். மன்னிப்பு ஒரு வரி இருந்தால் தப்பில்லை, கடைசியில் இருக்கட்டும். டிரைவரையோ ஓனரையோ திட்டி எழுதாதீர்கள். அந்த லாரியைப் பேசி அமர்த்தியது நீங்கள்தானே?

மெசேஜ் போதாது, போனும் வேண்டும். எழுத்து எதற்கென்றால், மேனேஜர் அதையே குடோனுக்கும் புரொடக்ஷனுக்கும் ஃபார்வர்ட் செய்வார். வாய்வார்த்தையாகச் சொன்னால் "காவலி" அடுத்த ஆளிடம் போகும்போது "காளஹஸ்தி" ஆகிவிடும்.

வாங்குபவரிடம் கேட்க வேண்டியது

எட்டரைக்குக் கூப்பிட்டேன்.

"சார், ஒரு நாள் தள்ளும் போலத் தெரியுது. இந்த லாட் பேல் எப்ப உடைக்கணும்னு இருந்தீங்க?"

"புதன் மத்தியானத்துக்குள்ள உடைச்சாகணும்ங்க. கையில இருக்கிறது வியாழன் மத்தியானம் வரைக்கும்தான் ஓடும்."

இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்த நேரத்தையும் கணக்குப் போடக் கூடாது என்பது என் கட்சி. பஞ்சு மில்லுக்கு வந்ததும் நேராக மெஷினுக்குப் போவதில்லை. இறுக்கிக் கட்டிய பேலை உடைத்து, மிக்சிங் அறையில் சுமார் ஒரு நாள் விட்டு, அறையின் ஈரப்பதத்துக்குப் பழகிய பிறகுதான் முதல் மெஷின்கள் இருக்கும் புளோ ரூமுக்கு எடுப்பார்கள். ஆக, வியாழன் மத்தியானம் தேவைப்படும் பஞ்சு, புதன் மத்தியானமே மில்லுக்குள் இருக்க வேண்டும். அவருடைய உண்மையான கெடு நான் நினைத்ததைவிட ஒரு நாள் முன்னால் இருக்கிறது. நான் வியாழன் காலை கொடுத்தால், அவர் வெள்ளிக்கிழமை காலைதான் ஓட்ட முடியும். நடுவில் வியாழன் மத்தியானத்திலிருந்து வெள்ளி காலை வரை ஒரு ஓட்டை விழுகிறது.

அந்த ஓட்டையை அடைப்பது அவர் வேலை. வேறு லாட்டிலிருந்து கொஞ்சம் பேல் எடுத்து மிக்சிங்கில் சேர்க்கலாம். இழையின் நுண்மையைக் காட்டும் மைக்ரோனேர் அளவு தள்ளிப்போனால் பின்னால் சாயத்தில் பட்டை பட்டையாகத் தெரியும் என்பதால் இஷ்டத்துக்குச் சேர்க்க முடியாது, லேபில் பார்த்துத்தான் செய்வார்கள். அதற்கு அவருக்கு நேரம் வேண்டும். செவ்வாய் காலை சொன்னதால் அவருக்கு ஒரு நாளுக்கு மேல் கிடைத்தது. இதையே புதன் காலை வண்டிக்காகக் காத்திருக்கும்போது சொல்லியிருந்தால், அவர் செய்வதற்கு ஒன்றுமே மிச்சமிருந்திருக்காது.

இதே போனில் கேட் நேரத்தையும் உறுதி செய்துகொண்டேன். காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை வண்டி உள்ளே போகலாம். நாலு மணிக்கு மேல் வந்தால் வெளியே நிற்க வேண்டியதுதான், இறக்கும் ஆட்கள் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். உங்கள் வாங்குபவருக்கு வார விடுமுறை எந்தக் கிழமை, உள்ளூர் திருவிழா ஏதாவது உண்டா என்பதும் இந்த இடத்தில் கேட்க வேண்டியதுதான்.

புது நேரத்தைக் கணக்கிடுவது

பத்தரைக்கு மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். கிளட்ச் பிளேட் தேய்ந்து எரிந்திருக்கிறது, பிரஷர் பிளேட்டும் போய்விட்டது. புது பிளேட்டுகள் நெல்லூரிலிருந்து வர வேண்டும். "அஞ்சு மணி நேர வேலை" என்றார்.

புது நேரம் மூன்று துண்டுகளால் ஆனது: வண்டி எப்போது நகரும், மீதித் தூரத்துக்கு எவ்வளவு ஆகும், போய்ச் சேர்ந்ததும் கேட் திறந்திருக்குமா.

முதல் துண்டில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். மெக்கானிக் சொல்லும் ஐந்து மணி நேரம், பாகம் கையில் வந்த பிறகு ஓடத் தொடங்கும் ஐந்து மணி நேரம். பத்தரையிலிருந்து எண்ணி மூன்றரை என்று போட்டால் கதை முடிந்தது. கடை திறந்து, பாகம் இருக்கிறதா என்று பார்த்து, யாராவது பைக்கிலோ பஸ்ஸிலோ கொண்டு வர வேண்டும். பகல் ஒன்றிலிருந்து இரண்டுக்குள் பாகம் வரும் என்று ஓனர் சொன்னார். கியர் பாக்ஸை இறக்கி, பிளேட் மாற்றி, மறுபடி ஏற்றி, ஓட்டிப் பார்க்க ஐந்து மணி நேரம் என்பது எல்லாம் சரியாக நடந்தால். ரோட்டோரத்தில், இருட்டில், ஏதாவது ஒரு போல்ட் அறுந்தால் எட்டு ஒன்பது மணி நேரமாகும். ஆக வண்டி நகர்வது சீக்கிரம் என்றால் இரவு ஏழு, தாமதம் என்றால் பதினொன்று.

வேறு பழுதுகளுக்கு என் மனக்கணக்கு இப்படி: டயர் வெடித்து ஸ்டெப்னி இருந்தால் இரண்டு மூன்று மணி நேரம், வீல் பேரிங் என்றால் அரை நாள். கியர் பாக்ஸே உடைந்தது, பின்பக்கம் கிரவுன் பினியன் போனது என்றால் நான் ரிப்பேர் நேரத்தைக் கணக்கிடுவதே இல்லை, நேரே வேறு வண்டிக்குப் போய்விடுவேன். பிஎஸ்-6 வண்டிகளில் இப்போது இன்னொரு தொல்லை இருக்கிறது. யூரியா கரைசல் சிஸ்டத்தில் கோளாறு என்றால் வண்டி நிற்காது, ஆனால் பவர் குறைந்து ஊரும். அதற்கு ரோட்டோர மெக்கானிக் உதவ மாட்டார், கம்பெனி சர்வீஸ் ஆள் கம்ப்யூட்டரோடு வர வேண்டும். அப்போது மெக்கானிக் நேரம் என்பது அந்த சர்வீஸ் வேன் வரும் நேரம்தான்.

இரண்டாவது துண்டு, ஓட்டம். குண்டூரிலிருந்து திண்டுக்கல் ஏறத்தாழ 830 கி.மீ. காவலியிலிருந்து மீதி 650. லோடு வண்டி ரோட்டில் 45 கி.மீ. வேகத்தில் போனாலும் டோல், சாப்பாடு, டீ, சென்னையைச் சுற்றி வரும் நெரிசல் எல்லாம் சேர்த்தால் கடிகாரப்படி மணிக்கு 30 கி.மீ.தான் தேறும். நல்லபடியாகப் போனால் 22 மணி நேரம். கொஞ்சம் இழுத்தால், அதாவது மணிக்கு 25 என்றால், 26 மணி நேரம்.

இது இரண்டு டிரைவர் இருக்கும் வண்டிக்கு. 650 கி.மீ.க்கு 45 வேகத்தில் பதினாலரை மணி நேரம் ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும், ஆளுக்கு ஏழே கால். ஒரே டிரைவர் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. சட்டப்படி ஒருவருக்கு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை. அதில் 350 கி.மீ. போனால் அதிகம். சட்டத்தை விடுங்கள், ராத்திரி மூன்று மணியிலிருந்து ரோட்டோரத்தில் தூங்காமல் கிடந்தவரை உடனே 22 மணி நேரம் ஓட்டச் சொல்லும் ஒரு நேரத்தை மில்லுக்குக் கொடுக்கவே கூடாது. ஒரே டிரைவர் என்றால் நான் இன்னொரு நாளைச் சேர்த்திருப்பேன்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். சீக்கிரம் என்றால் செவ்வாய் இரவு ஏழு மணியோடு 22 மணி நேரம், புதன் மாலை ஐந்து. தாமதம் என்றால் செவ்வாய் இரவு பதினொன்றோடு 26, அதாவது வியாழன் அதிகாலை ஒரு மணி.

மூன்றாவது துண்டு இங்கேதான் உதவிக்கு வருகிறது. புதன் மாலை ஐந்துக்கு வந்தாலும் கேட் நாலுக்கே மூடியிருக்கும். வியாழன் அதிகாலை ஒன்றுக்கு வந்தாலும் எட்டு மணிக்குத்தான் திறக்கும். எட்டு மணி நேர வித்தியாசம் மில்லுக்கு வித்தியாசமே இல்லை. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: வியாழன் காலை எட்டு. தாமதக் கணக்குக்கு மேலும் ஏழு மணி நேரம் கையிருப்பு இருக்கிறது. "புதன் மாலை 5-லிருந்து வியாழன் அதிகாலை 1-க்குள்" என்று நான் எழுதியிருந்தால், அவர் புதன் மாலைக்கு ஓவர்டைம் போட்டு ஆட்களை நிறுத்தியிருப்பார், அந்தக் கூலி வீணாகியிருக்கும்.

எப்போதும் இப்படி வாகாக அமையாது. சீக்கிரக் கணக்கு புதன் மத்தியானம் இரண்டு, தாமதக் கணக்கு புதன் இரவு என்று வந்தால் என்ன செய்வது? நான் தாமதக் கணக்கையே வாக்காகக் கொடுப்பேன். "நாலு மணிக்குள் வர வாய்ப்பு உண்டு, சென்னை தாண்டியதும் உறுதி சொல்கிறேன்" என்று தனி வரி ஒன்று சேர்ப்பேன். நேரத்தை ஒரு முறை நீட்டினால் பொறுத்துக்கொள்வார்கள். முன்கூட்டி வந்தால் யாரும் கோபிப்பதில்லை.

வண்டி மாற்றுவதா, காத்திருப்பதா

இந்த முடிவுக்கு ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள், அதை வாங்குபவருக்கும் சொல்லுங்கள். நான் வைத்த கெடு பகல் இரண்டு மணி. அதற்குள் பாகம் வண்டிக்கு வந்து சேராவிட்டால் வேறு லாரி பேசுவது என்று ஓனரும் நானும் ஒப்புக்கொண்டோம்.

காலையிலேயே ஏன் மாற்றவில்லை? 170 கிலோ பேல் நூறு, ரோட்டோரத்தில் ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டும். கொக்கியோடு பழகிய ஆட்கள் வேண்டும், அவர்களைக் காவலியில் தேட வேண்டும், காலி லாரி வர வேண்டும். இரண்டு வண்டியும் பக்கத்தில் நின்ற பிறகே மூன்று நான்கு மணி நேரம் ஆகும். பேலின் சுற்றுத்துணி கிழிவதும், கீழே விழுந்து மண் ஒட்டுவதும் நடக்கும். பாகம் மதியத்துக்குள் வரும் என்றால் ரிப்பேர்தான் சீக்கிரம்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் இரண்டு விஷயம். ஒன்று, புது வண்டி நகர்வதற்கு முன், சரக்கோடு போகும் ஜிஎஸ்டி இ-வே பில்லில் வண்டி விவரம் இருக்கும் பார்ட் பி-யில் புது வண்டி நம்பரைப் போட வேண்டும். காரணம் கேட்கும் இடத்தில் `Due to Break Down` என்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய நம்பரோடு போய் சோதனையில் மாட்டினால் ஜிஎஸ்டி சட்டம் 129-வது பிரிவில் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் வரை போகும், வண்டியும் அங்கேயே நிற்கும். அப்புறம் நீங்கள் கொடுத்த நேரத்துக்கு அர்த்தமே இல்லை. இரண்டாவது, பேல் நம்பர் லிஸ்டை வைத்து ஏற்றும்போதே சரிபார்த்து, புது வண்டி நம்பரையும் டிரைவர் நம்பரையும் மில் கேட்டுக்கு அனுப்புங்கள். பழைய நம்பரை எதிர்பார்த்திருக்கும் செக்யூரிட்டி புது வண்டியைத் திருப்பி அனுப்பிய கதைகள் உண்டு.

இ-வே பில்லின் காலாவதியையும் புது நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு 200 கி.மீ.க்கும் ஒரு நாள், மிச்சத்துக்கு இன்னொரு நாள். 830 கி.மீ.க்கு ஐந்து நாள். திங்களன்று போட்ட பில்லின் முதல் நாள் செவ்வாய் நள்ளிரவில் முடியும், ஐந்தாவது நாள் சனி நள்ளிரவில். வியாழன் காலைக்கு இது தாராளம், எனக்கு நீட்டிப்பு தேவைப்படவில்லை. தேவைப்பட்டால் காலாவதிக்கு 8 மணி நேரம் முன்பிருந்து 8 மணி நேரம் பின்பு வரைக்குள் `Extend Validity` போட வேண்டும். பில்லில் டிரான்ஸ்போர்ட்டர் இருந்தால் அவர்தான் போட முடியும் என்பதால், அவருக்கு முன்கூட்டியே நினைவுபடுத்துங்கள்.

இரண்டாவது செய்தி: புது நேரத்தோடு

பத்து ஐம்பதுக்கு அனுப்பினேன்:

"சார், மெக்கானிக் பார்த்துவிட்டார். கிளட்ச் பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் மாற்ற வேண்டும். பாகம் நெல்லூரிலிருந்து பகல் 2 மணிக்குள் வர வேண்டும். இன்று இரவு 7-லிருந்து 11-க்குள் வண்டி நகரும். மீதி 650 கி.மீ., இரண்டு டிரைவர் இருக்கிறார்கள்.
புது நேரம்: வியாழன் காலை 8 மணிக்கு மில் கேட்டில், இறக்கத் தயாராக. புதன் மாலை ஆட்களை நிறுத்த வேண்டாம்.
2 மணிக்குள் பாகம் வராவிட்டால் வேறு லாரிக்கு மாற்றுவோம், அப்படியானால் 2.30-க்குப் புது நேரத்தோடு கூப்பிடுகிறேன். இ-வே பில் சனிக்கிழமை வரை இருக்கிறது.
வியாழன் மதியத்துக்கு மேல் ஓட்ட நீங்கள் வேறு ஏற்பாடு செய்ய வேண்டியிருப்பதற்கு வருந்துகிறேன்."

புது நேரம் தனி வரியில் இருக்கட்டும். இந்த நேரம் எதை நம்பி நிற்கிறது என்பதும் இருக்க வேண்டும், இங்கே அது இரண்டு மணிக்குப் பாகம் வருவது. அது தவறினால் நேரம் மாறும் என்று அவருக்கு முன்பே தெரியும், பிறகு மாறினாலும் ஏமாற்றியதாகத் தோன்றாது. கியர் பாக்ஸ் இறக்கிய போட்டோ ஒன்றையும் கூடவே அனுப்பினேன். வண்டி நம்பர் தெரியும்படி எடுக்கச் சொன்னால் நல்லது.

மேனேஜர் ஒரே வரியில் பதில் போட்டார்: "சரிங்க, 20 பேல் வேற லாட்ல எடுத்துக்கறோம். வியாழன் தவறக் கூடாது." அவர் வியாழன் என்று எழுத்தில் திருப்பிச் சொன்னதும் இருவரும் ஒரே நேரத்தைப் பேசுகிறோம் என்று உறுதியானது. "ஓகே" என்று மட்டும் வந்திருந்தால் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன்.

நகர்ந்த பிறகு

பாகம் ஒன்று நாற்பதுக்கு வந்தது. "பாகம் வந்துவிட்டது, வேலை தொடங்கியாயிற்று, வியாழன் காலை 8 மாறவில்லை" என்று ஒரு வரி அனுப்பினேன். கெடு வைத்துவிட்டு, அது கடந்த பிறகு சத்தமே இல்லாமல் இருந்தால் அவர் கெட்டதைத்தான் நினைப்பார்.

எட்டரைக்கு வண்டி கிளம்பிவிட்டதாக டிரைவர் சொன்னார். உடனே மில்லுக்கு எழுதவில்லை. புது கிளட்ச் போட்ட வண்டி பத்து கிலோமீட்டரில் மறுபடி நின்றதைப் பார்த்திருக்கிறேன். நெல்லூர் தாண்டி வெங்கடாசலம் டோல் எஸ்எம்எஸ் பத்தே முக்காலுக்கு ஓனரிடமிருந்து வந்தது. அதற்குப் பிறகுதான் "வண்டி நெல்லூர் தாண்டிவிட்டது, வியாழன் காலை 8 உறுதி" என்று அனுப்பினேன். அதன் பிறகு புதன் காலை வண்டலூர் தாண்டியதும் ஒன்று, அவ்வளவுதான். மணிக்கொரு தடவை லொக்கேஷன் அனுப்புவது எனக்குப் பிடிக்காது. படிப்பவருக்குத் தொல்லை, அதோடு ஒரு மணி நேரம் அனுப்பத் தவறினால் அவர் பதறிவிடுவார்.

ரிப்பேர் ஆகாமல் இரவு பதினொன்றைத் தாண்டியிருந்தால்? அப்போதும் எனக்குக் கையிருப்பு ஏழு மணி நேரம் இருந்தது. அதில் பாதி கரையும்போது, அதாவது அதிகாலை இரண்டரை வரை வண்டி நகரவில்லை என்றால், காலை முதல் வேலையாக அவரை எச்சரித்திருப்பேன். முழுசாகக் கரையும் வரை காத்திருந்து சொன்னால் அது மறுபடியும் கடைசி நேரச் செய்திதான்.

இறக்கும்போது

புதன் இரவு ஏழரைக்கு வண்டி மில் வாசலில் நின்றது, வியாழன் எட்டுக்கு உள்ளே போனது. வழியில் நின்ற வண்டி என்பதால் எடைச் சீட்டையும் பேல் எண்ணிக்கையையும் உடனே வாங்கிக்கொண்டேன். மேல் வரிசைப் பேல்களைத் தொட்டுப் பார்த்து ஈரம் இல்லை என்று குடோன்காரரிடம் சலானில் எழுதி வாங்கச் சொன்னேன். ஈரம் இருந்தால் இறக்குவதை நிறுத்தி, போட்டோ எடுத்து, இன்சூரன்சுக்குச் சொல்லி, சர்வேயர் வரும்வரை பேல்களைத் தனியாக வைக்க வேண்டும். தாமதத்தால் வந்த நஷ்டத்துக்கு டிரான்சிட் பாலிசியில் பணம் வராது, நனைந்த பேலுக்குத்தான் கேட்க முடியும்.

லாரி ஓனர் புதன் இரவு கேட்டில் நின்றதற்கு ஹால்ட்டிங் பணம் கேட்டுப் பார்த்தார். "உங்க கிளட்ச்தானுங்களே" என்றேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டார். பதினொன்றரைக்கு குடோனிலிருந்து மெசேஜ் வந்தது: 100 பேல், ஈரம் இல்லை, இரண்டில் சுற்றுத்துணி கிழிசல். அதை அப்படியே மேனேஜருக்குத் திருப்பி அனுப்பினேன்.